ஐந்தில் இரண்டு என்று சொன்ன பையன்

ஆசிரியை வேலைக்கான இன்டர்வியூவில், முதல் டெமோ வகுப்பில் நான் தோற்றது ஒரே வார்த்தையால். அந்த வார்த்தை "தப்பு".

ஏப்ரல் கடைசி வாரம். தென்சென்னையில் ஒரு பள்ளி. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போன் வந்தது. ஆறாம் வகுப்பு, பகுதி எண்கள் வேறுவேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவது, இருபது நிமிடம். பி.எஸ்ஸி. கணக்கு, பி.எட்., டெட் இரண்டாம் தாள் எல்லாம் முடித்து, மகளுக்காக நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். இந்தப் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ராத்திரி உட்கார்ந்து எல்.சி.எம். எடுக்கும் முறையை அழகாக எழுதி, ஏழு கணக்குகள் தயார் செய்துகொண்டு போனேன்.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் லீவில் இருந்தார்கள். காலி வகுப்பில் ஐந்து ஆசிரியைகள் முன் பெஞ்சுகளில் உட்கார்ந்து, "நாங்கதான் உங்க ஸ்டூடண்ட்ஸ், ஆரம்பிங்க" என்றார்கள். மேலே ஃபேன் கடகடவென்று ஓடியது. 1/2 + 1/3 என்று போர்டில் எழுதி, யார் சொல்வீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு மேடம் எழுந்து, ஆறாம் வகுப்புப் பையன் மாதிரியே தலையைச் சொறிந்துகொண்டு, "டூ பை ஃபைவ், மிஸ்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "தப்பு, உட்காரு. வேற யாரு?" என்றேன். வேறொருவர் சரியான விடையைச் சொன்னார். "வெரி குட்" சொல்லிவிட்டு எல்.சி.எம்.முக்குப் போய்விட்டேன். பத்தாவது நிமிடத்தில் கோஆர்டினேட்டர் கையைத் தூக்கி, போதும் என்றார். சில கேள்விகள் கேட்டுவிட்டு அனுப்பினார்கள். நன்றாகச் செய்துவிட்டேன், அதனால்தான் சீக்கிரம் நிறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்புறம் அங்கிருந்து போனே வரவில்லை.

எங்கள் அபார்ட்மென்டில் மாடி வீட்டு அக்கா இருபது வருடத்துக்கு மேல் பள்ளியில் கணக்கு எடுத்தவர், இன்டர்வியூ பேனலிலும் உட்கார்ந்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்த மேடம் டூ பை ஃபைவ்னு சும்மா சொல்லலை. அதைச் சொல்லத்தான் அவங்க அங்க உட்கார்ந்திருந்தாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உனக்குக் கணக்கு தெரியும்னு உன் மார்க் ஷீட்டே சொல்லிடும். அதைப் பார்க்க இருபது நிமிஷம் எதுக்கு? தப்பான பதில் வரும்போது நீ என்ன பண்றேன்னுதான் நாங்க பார்ப்போம். நீ உட்காருன்னு சொல்லிட்டே. அந்தப் பையன் வருஷம் பூரா டூ பை ஃபைவ்தான் எழுதுவான்."

அன்றிலிருந்து நான் செய்தது எல்லாம் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான். எந்தப் பாடம் கொடுத்தாலும் முதலில் அதில் பிள்ளைகள் எந்தத் தப்பைச் செய்வார்கள் என்று ஒரு தாளில் எழுதுவேன். அதைச் சுற்றித்தான் பாடத்தைக் கட்டுவேன். பின்னத்தில் தப்பு எது என்று தேட வேண்டியதே இல்லை. மேலே இருப்பதை மேலே கூட்டு, கீழே இருப்பதைக் கீழே கூட்டு, 2/5. பிள்ளை இதைச் சோம்பேறித்தனத்தால் செய்வதில்லை. இத்தனை வருடம் கூட்டல் அப்படித்தான் நடந்திருக்கிறது. பின்னம் என்பது ஒரே எண் என்று அதற்கு இன்னும் தோன்றவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண், இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுகிறது. அவ்வளவுதான்.

சரி, இந்தத் தப்பை எப்படி அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி செய்வது? "எல்.சி.எம். எடுக்கணும்" என்று சொன்னால் அது இன்னொரு விதி. அது ஏன் என்று தெரியாது. அக்காவோடு உட்கார்ந்து யோசித்ததில் வழி காய்கறிக் கடையில் கிடைத்தது. அரைக் கிலோ தக்காளியும் கால் கிலோ தக்காளியும் ஒரே பையில் போட்டால் எவ்வளவு? முக்கால் கிலோ. பகுதி, தொகுதி எதுவும் தெரியாத பாட்டியும் சொல்லிவிடுவார். இப்போது அதையே மேல்-மேல், கீழ்-கீழ் முறையில் செய்து பார்த்தால் 1/2 + 1/4 என்பது 2/6, அதாவது மூன்றில் ஒரு பங்கு. அரைக் கிலோவோடு இன்னும் கொஞ்சம் போட்டும் பை இளைத்துவிட்டது! இதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் அந்த முறையில் சந்தேகம் வராமல் போகாது. அரை, கால், முக்கால் என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழியில் பிறந்துவிட்டு, நான் இத்தனை நாள் பீட்ஸாவை வெட்டிக்கொண்டு இருந்தேன்.

அடுத்தது கையில் கொடுக்கும் பொருள். முதலில் வட்டம் வரையலாம் என்று நினைத்தேன். வீட்டுச் சுவரில் ஒயிட் போர்டு மாட்டி வரைந்து பார்த்தேன். வட்டத்தைக் கையால் மூன்று சமபங்காகப் பிரிப்பது எனக்கு வரவில்லை. ஒரு பங்கு எப்போதும் கொழுத்துவிடும். பின்னத்தில் சமபங்கு என்பதுதான் உயிர். அதையே கோணலாக வரைந்தால் பேனலில் ஒருவராவது குறித்துக்கொள்வார். அதனால் வட்டத்தை விட்டுவிட்டு நீளமான காகிதப் பட்டைக்கு வந்தேன்.

12 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. அது முழுசு. நீலத்தில் 6 செ.மீ. துண்டு, அது பாதி. மஞ்சளில் 4 செ.மீ. துண்டு, அது மூன்றில் ஒரு பங்கு. சிவப்பில் 2 செ.மீ. சின்னத் துண்டு, அது எதற்கு என்று சொல்லாமல் வைத்துவிடுவேன். நாத்தனார் பெண் ஆறாம் வகுப்புதான். அவளையும் பக்கத்து வீட்டுப் பையனையும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை இல்லாமல் போயிருந்தால் மறுபடி கவிழ்ந்திருப்பேன். முதல் தடவை முழுப் பட்டையைக் கொடுத்து, பாதியாக மடி, மூன்றாக மடி என்றேன். பாதி சுலபம். மூன்றாக மடிக்க இரண்டு பேருக்கும் நான்கு நிமிடம் போனது. இருபதில் நான்கு போனால் என்ன மிச்சம்? அதனால் துண்டுகளை முன்கூட்டியே வெட்டி வைத்தேன். இரண்டாம் தடவை துண்டுகளின் மேல் 6, 4 என்று அளவு எழுதியிருந்தேன். அவள் பார்த்ததும் "பத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அளவுகளை எடுத்துவிட்டேன். மூன்றாம் தடவைதான் வேலை செய்தது. நீலத்தையும் மஞ்சளையும் வெள்ளைப் பட்டை மேல் அடுத்தடுத்து வைத்தாள், கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அந்த இடத்தில் சிவப்புத் துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அதே சிவப்பால் நீலத்தை அளந்தாள், மூன்று தடவை. மஞ்சளை அளந்தாள், இரண்டு தடவை. முழுப் பட்டை, ஆறு தடவை. "அப்போ ஆறுல அஞ்சு" என்றாள். நான் எல்.சி.எம். என்ற சொல்லையே சொல்லவில்லை. இரண்டையும் ஒரே துண்டால் அளந்தால்தான் கூட்ட முடியும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். பொதுப் பகுதி என்று புத்தகம் சொல்வது அந்தச் சிவப்புத் துண்டைத்தான்.

இரண்டு பிள்ளைக்கு ஒரு செட் என்று பதினைந்து செட் வெட்டி, கல்யாணத்தில் மிஞ்சிய மொய்க் கவரில் போட்டு வைத்தேன். கலர் ஏ4 தாள்தான். மொத்தச் செலவு பஸ் டிக்கெட்டைவிடக் கம்மி.

இனி லெசன் பிளான். பி.எட். படிக்கும்போது ஒரு பாடத்துக்கு ஆறு பக்கம் எழுதினோம் இல்லையா, கட்டம் போட்டு, சிவப்பு மையில் கோடு போட்டு? அதை இன்டர்வியூவுக்கு எடுத்துப் போகாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கம் போதும், பேனலில் எத்தனை பேரோ அத்தனை பிரதி. ஆனால் அந்த ஒரு பக்கத்தில் இரண்டு இடங்களை மட்டும் நிறுத்தி நிதானமாக எழுத வேண்டும்.

ஒன்று, நோக்கம். என் முதல் பிளானில் "மாணவர்கள் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்வர்" என்று இருந்தது. புரிந்துகொண்டார்களா என்பதை எதை வைத்துப் பார்ப்பது? அக்கா அதை அடித்துவிட்டு எழுதச் சொன்னது இது: "பகுதி எண்கள் வேறான இரண்டு பின்னங்களைப் பட்டையின் உதவியோடு கூட்டுவர், பகுதிகளை ஏன் அப்படியே கூட்டக் கூடாது என்று ஒரு வாக்கியத்தில் சொல்வர்." இரண்டையும் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். இருபது நிமிடத்துக்கு இதற்கு மேல் ஒரு நோக்கம்கூட வேண்டாம்.

இன்னொன்று, வழக்கமான பிளானில் இல்லாத ஒரு பத்தி. நேரம், ஆசிரியர் செய்வது, மாணவர் செய்வது என்று மூன்று பத்திகள் எல்லோரும் போடுவார்கள். நான் நான்காவதாக "வரக்கூடிய தவறும் அப்போது நான் செய்வதும்" என்று ஒன்று போட்டேன். அதில் முதல் வரியே 2/5. பிற்பாடு இன்டர்வியூவில் பிரின்சிபால் மேடத்தின் பேனா அந்தப் பத்தியின் மேல்தான் நின்றது.

நேரக் கணக்கில் ஒரு விஷயம் உண்டு. இருபது நிமிடம் என்று சொல்வார்கள், பத்தில் நிறுத்துவார்கள். அதனால் பாடத்தின் உயிர் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். நான் பிரித்தது இப்படி. தக்காளிக்கு மூன்று நிமிடம். 1/2 + 1/3 கேட்டு, வரும் எல்லா விடைகளையும் சரி, தப்பு சொல்லாமல் போர்டில் எழுத இரண்டு நிமிடம். பட்டைக்கு ஆறு. போர்டில் எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவர நான்கு. கடைசியில் ஒரு கணக்கைச் சீட்டில் எழுதி வாங்க மூன்று. ஆக பதினெட்டு. மிச்சம் இரண்டு நிமிடம் கவர் கொடுத்து வாங்குவதிலேயே போய்விடும், அதைக் கணக்கில் வைக்காதவர்கள்தான் கடைசியில் ஓடுவார்கள்.

இரண்டாவது டெமோ ஜூன் நடுவில் வந்தது. பள்ளி திறந்து யாராவது பாதியில் வேலையை விட்டால் அந்த இடத்துக்கு ஆள் தேடுவார்கள். அந்த நேரத்தில் போனால் நிஜப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். ஆங்கில வழிப் பள்ளி, வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன். அதே பின்னம்தான் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வேறு பாடமாக இருந்தாலும் இதே வேலையைத்தான் செய்திருப்பேன், பட்டைக்குப் பதில் வேறொன்று.

இருபத்தெட்டுப் பேர். மூன்றாம் பீரியட். பின் சுவரை ஒட்டி மூன்று நாற்காலியில் பிரின்சிபால், கோஆர்டினேட்டர், சீனியர் கணக்கு ஆசிரியர். புது மிஸ் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. தக்காளி நன்றாகப் போனது. ஆங்கிலத்தில் கேட்டாலும் நான்கைந்து குரல் "முக்கால்" என்றுதான் கத்தியது. 1/2 + 1/3 கேட்டதும் போர்டில் மூன்று விடைகள் சேர்ந்தன: 2/5, 5/6, 1/5. யார் சொன்னது என்று பெயர் எழுதவில்லை. "இதுல எது பாதியைவிடச் சின்னது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெண், "டூ பை ஃபைவ் பாதியைவிடச் சின்னது மிஸ், அஞ்சுல பாதி ரெண்டரை" என்றாள். சரி, இனி பட்டையை எடுக்கலாம் என்று கவரைக் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் ஜன்னலோரப் பையன் கையைத் தூக்கினான். 2/5 சொன்னவன் அவன்தான். "மிஸ், டெஸ்ட்ல ரெண்டு மார்க் கேள்விக்கு ஒண்ணு, மூணு மார்க் கேள்விக்கு ஒண்ணு வாங்கினா, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே போடுவீங்க? அப்போ மட்டும் எப்படி சரி?"

என் பிளானில் இது இல்லை. அக்கா சொன்னதிலும் இல்லை. வயிற்றில் ஏதோ புரண்டது. ஏனென்றால் அவன் சொல்வது உண்மை. அஞ்சுக்கு ரெண்டுதான் போடுவோம். நான் செய்த நல்ல காரியம் ஒன்றுதான், உடனே வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் போர்டில் இரண்டு கட்டம் உள்ள ஒரு பட்டை வரைந்து ஒரு கட்டத்தை அடித்தேன். பக்கத்தில் மூன்று கட்டம் உள்ள பட்டை வரைந்து அதிலும் ஒன்றை அடித்தேன். வரையும் நேரத்தில் யோசித்துக்கொண்டேன். "நீ சொல்றது சரி. இது ரெண்டு மார்க் கேள்வி, இது மூணு மார்க் கேள்வி. சேர்த்தா எத்தனை கட்டம்?" "அஞ்சு." "அடிச்சது?" "ரெண்டு." "முழுசு எத்தனை இருக்கு இங்க, ஒண்ணா ரெண்டா?" "ரெண்டு." "ரெண்டும் ஒரே அளவா?" "இல்ல." கவரிலிருந்து வெள்ளைப் பட்டையை எடுத்துக் காட்டினேன். "இங்க முழுசு எத்தனை?" அவன் ஒரு நொடி பார்த்தான். "ஒண்ணு. ஓ... இங்க பாதியும் இதுலேர்ந்து, மூணுல ஒண்ணும் இதுலேர்ந்தேவா?" என்றான். அவ்வளவுதான். மார்க்கில் ஒவ்வொரு கேள்விக்கும் தனி முழுசு, அது கூடக் கூடப் பெரிதாகிறது. பின்னக் கூட்டலில் முழுசு ஒன்றேதான், மாறாது. நான் சொல்லவேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

அதில் மூன்று நிமிடம் போய்விட்டது. எழுத்து வடிவத்துக்கு வைத்திருந்த நான்கில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. அது பிற்பாடு சீட்டில் தெரிந்தது.

பட்டை வேலையின்போது கடைசி பெஞ்சில் இரண்டு பேர் நீலத் துண்டுகளை வைத்துக் கத்திச் சண்டை போட்டார்கள். நான் பேசிக்கொண்டே நடந்து அவர்கள் பெஞ்சுப் பக்கத்தில் போய் நின்றேன். பெயர் சொல்லவில்லை, முறைக்கவில்லை. சிவப்புத் துண்டை எடுத்து ஒருவன் கையில் வைத்து, "நீலத்துல இது எத்தனை தடவை போகுது, எனக்குச் சொல்லு" என்றேன். சண்டை நின்றது. கடைசி மூன்று நிமிடத்தில் ரஃப் நோட்டுத் தாளைக் கிழித்து 1/4 + 1/3 போட்டுப் பெயர் எழுதித் தரச் சொல்லி, வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். சீட்டுகளை மடியில் வைத்துப் பிரித்தேன். 7/12 என்று சரியாகப் போட்டவர்கள் பதினேழு. 2/7 எழுதியவர்கள் ஐந்து. வெறுமனே விட்டது இரண்டு. மிச்சம் நான்கு பேர் 2/12 என்று எழுதியிருந்தார்கள். இந்த நான்கை முதலில் 2/7 கட்டில்தான் போட்டேன். அப்புறம் பார்த்தால் இது வேறு தப்பு. பகுதியைச் சரியாக 12 ஆக்கிவிட்டார்கள், மேலே இருப்பதை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒரே சிவப்புத் துண்டு வேண்டும் என்பது புரிந்திருக்கிறது, ஆனால் அந்தத் துண்டு எத்தனை தடவை போகிறது என்று எண்ணவில்லை. நான் அவசரப்பட்டு இரண்டு நிமிடத்தில் முடித்த இடம் அதுதான்.

உள்ளே போனதும் முதல் கேள்வி, "உங்க கிளாஸ் எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க?" முதல் பள்ளியிலும் இதையே கேட்டார்கள், "நல்லா போச்சு மேடம்" என்று சொல்லி வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை நான்கு கட்டுச் சீட்டையும் மேசை மேல் வைத்தேன். "பதினேழு பேருக்கு வந்திருக்கு மேடம். இந்த நாலு பேருக்கு நாளைக்குப் பட்டை வேண்டாம், எண்ணிப் பார்க்க ரெண்டு கணக்கு போதும். இந்த அஞ்சு பேருக்கு மறுபடி தக்காளியிலிருந்து வரணும். வெறுமையா விட்ட ரெண்டு பேரோட பழைய நோட்டைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது. எழுத்து வடிவத்துக்கு நேரம் பத்தலை, அது என் பிசகு." சீனியர் சார் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன்பிறகு கணக்கில் ஒரு கேள்வியும் வரவில்லை.

வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது பற்றித்தான் மிச்ச நேரம் பூராவும். இந்தக் கேள்விகளுக்கு "அன்பா நடந்துப்பேன்", "கண்டிப்பும் கனிவும் இருக்கணும்" என்று பதில் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் குறித்துக்கொள்ளவும் மாட்டார்கள். முதல் நிமிடம் என்ன, அது பலிக்காவிட்டால் அடுத்தது என்ன என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

கோஆர்டினேட்டர் கேட்டது, "பின்னாடி ரெண்டு பசங்க விளையாடிட்டு இருந்தாங்க, நீங்க திட்டவே இல்லையே?" நான் சொன்னேன்: பெயரைச் சொல்லித் திட்டினால் இருபத்தெட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், பாடம் நிற்கும், இரண்டு பேருடைய விளையாட்டு எல்லோருடைய வேடிக்கையாகிவிடும். அதனால் முதலில் பக்கத்தில் போய் நிற்பேன். அதற்கும் அடங்காவிட்டால் கையில் ஒரு வேலை. மறுபடியும் என்றால் மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, பெல் அடித்ததும் என்னைப் பார் என்பேன். தனியாக இரண்டு நிமிடம் பேசுவேன். ஒரு வாரம் தொடர்ந்தால்தான் வகுப்பாசிரியர், அப்புறம் டைரி. பிரின்சிபாலிடம் அனுப்புவது கடைசி. இதைச் சொன்னபோது பிரின்சிபால் மேடம் சிரித்தார். முதல் நாளே அவரிடம் அனுப்புகிறவர்கள் நிறைய போலிருக்கிறது.

அடுத்தது, "பி.டி. பீரியட் முடிஞ்சு வேர்த்து விறுவிறுத்து நாப்பது பேர் உள்ள வர்றாங்க. முதல் ரெண்டு நிமிஷம் என்ன பண்ணுவீங்க?" சென்னை ஜூன் மாதத்தில் இது கற்பனைக் கேள்வி இல்லை. சத்தம் போடாதே என்று கத்தினால் என் சத்தமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அவர்கள் வருவதற்கு முன் போர்டில் ஒரு சின்னக் கணக்கு இருக்கும், முந்தின நாள் பாடத்திலிருந்து, எல்லோராலும் போடக்கூடியது. வந்தவுடன் ரஃப் நோட்டில் அதைப் போட வேண்டும். அது தினமும் இருக்கும், அதனால் வாயால் சொல்லவே வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்க ஒவ்வொரு வரிசையாக. அந்த நேரத்தில் நான் அட்டெண்டன்ஸ் எடுப்பேன். பழகும் வரை இரண்டு வாரம் பிடிக்கும் என்றும் சொன்னேன். முதல் நாளே அடங்கிவிடும் என்று சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை பற்றிய கேள்வியில் நான் முதல் பள்ளியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "வெளியே நிற்க வைப்பேன்" என்று சொல்லிவிட்டேன். நாங்கள் படிக்கும்போது அது சாதாரணம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மனத்தளவில் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. எல்லோரும் பார்க்க வெளியே நிறுத்துவது, பட்டப்பெயர் வைப்பது எல்லாம் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். சட்டத்தை விடுங்கள், வராந்தாவில் நிற்கும் பிள்ளை எங்காவது போய்விட்டால் அந்தப் பீரியடில் பொறுப்பு யார்? நீங்கள்தான். இரண்டாவது இன்டர்வியூவில் இதற்கு நான் கொடுத்த பதில்: முதலில் செய்யத் தெரியவில்லையா, செய்ய முடியவில்லையா, செய்யப் பிடிக்கவில்லையா என்று பார்ப்பேன். அதற்கு வகுப்பிலேயே என் முன்னால் அந்த முதல் கணக்கை மட்டும் போடச் சொன்னால் போதும். போடத் தெரியாதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான், அவனுக்கு வேண்டியது தண்டனை இல்லை, பாடம். டக்கென்று போட்டுவிட்டால், சாயங்காலம் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். கடையில் அப்பாவோடு ராத்திரி பத்து வரை உட்காரும் பையனுக்கு இருபது கணக்கு கொடுத்துவிட்டு டைரியில் எழுதி என்ன புண்ணியம்? ஐந்து கொடுப்பேன், ஐந்தும் வர வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் சண்டைக்கு வரும் பெற்றோர் பற்றியும் கேட்டார்கள். எழுத்தில் வாதம் செய்ய மாட்டேன், காலையில் ஆபீஸ் வழியாக நேரம் வாங்கி, நோட்டை வைத்துக்கொண்டு நேரில் பேசுவேன் என்றேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

கடைசியில், "நீங்க ஏதாவது கேட்கணுமா?" இதற்கு "இல்லை மேடம்" என்பதுதான் நம் ஊர் மரியாதை. நான் மூன்று கேட்டேன். வாரத்துக்கு எத்தனை பீரியட், ஒரு செக்ஷனில் எத்தனை பேர், சப்ஸ்டிட்யூஷன் போக நோட்டுத் திருத்த ஒரு நாளில் எத்தனை பீரியட் காலியாக இருக்கும். மூன்றாவது கேள்விக்கு கோஆர்டினேட்டரும் சீனியர் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேப்பர்ல ரெண்டு" என்றார் சார். "நிஜத்துல ஒண்ணு."

சான்றிதழ் சரிபார்ப்புக்கு மறுநாள் வரச் சொன்னார்கள். வேலையை விட்டுப் போகாமல் இருக்க ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு என்று அக்கா பயமுறுத்தியிருந்தார், அதனால் ஒரிஜினலைக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸை மட்டும் கொடுக்கத் தயாராகப் போனேன். இங்கே ஜெராக்ஸ்தான் கேட்டார்கள். வெளியே வரும்போது லஞ்ச் பெல் அடித்தது. படிக்கட்டில் ஜன்னலோரப் பையன் டிபன் பாக்ஸோடு எதிரே வந்தான். "மிஸ், அப்போ ரெண்டு டெஸ்டும் ஒரே மார்க்குக்கு இருந்தா?" என்றான். பத்துக்கு ஐந்து, பத்துக்கு ஐந்து என்றால் இருபதுக்குப் பத்து. மேலேயும் கீழேயும் கூட்டியாயிற்று, ஆனால் பின்னம் அதே பாதிதான், ஒன்று ஆகவில்லை. படியில் நின்றபடியே ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் அவனுக்கு வரைந்து காட்ட ஆரம்பித்தேன்.